ஒன்பதாம் மாதப் படமும் அதற்கு எழுதிய வரியும்

பீட்டர்ஹெட், ஸ்காட்லாந்து,
டிசம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பாம்பனில் வாடை தொடங்கி வடகடல் கொந்தளிக்கிறது, அப்பா வல்லத்தைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்விட்டார் என்று எழுதியிருந்தாய். நல்ல வேலை செய்தார். நாங்கள் இங்கே சுகம். குளிர்தான் கொஞ்சம் அதிகம். இவருக்கு இந்த மாதம் மீன் ஆலையில் ஷிப்ட் குறைவு, அதனால் பகலில் வீட்டில் என்னோடு இருக்கிறார். அதுவும் நல்லதுதான்.

நீ கேட்ட படம் எடுத்தாயிற்று. இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது அந்தப் படத்துக்காக எழுதிய வரி. முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. இந்தக் குளிரில் எதற்கு அலைச்சல் என்று விட்டுவிட்டோம். கீழ்வீட்டுப் பாட்டிதான் எடுத்தார். போன கடிதத்தில் எழுதினேனே, இந்த டிசம்பரிலும் கடலில் இறங்கிக் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்டப் படியேறி வருவாரே, அவரேதான். பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுத்தே பிழைத்தவர் என்பது இப்போதுதான் தெரிந்தது. காசு பேச்சே எடுக்கவில்லை. மீன்குழம்பு கொடுத்தேன், காரத்தில் கண்ணீர் விட்டபடியே முழுவதும் சாப்பிட்டார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு எடுத்தோம் என்றால் நம்ப மாட்டாய். நம்மூரில் அந்த நேரத்தில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும், முகம் கடுகடுவென்று இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்காகக் காத்திருப்போம். இங்கே இந்த மாதத்தில் சூரியன் உச்சிக்கே வருவதில்லை. எட்டே முக்காலுக்கு விடிந்து மூன்றரைக்குள் இருட்டிவிடுகிறது. நடுப்பகலிலும் கடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் நிற்கும். அதனால் பாம்பனில் மாலையில் வருகிற மஞ்சள் வெளிச்சம் இங்கே பட்டப்பகலில் தெற்குச் சன்னல் வழியே அறைக்குள் நீளமாக விழுகிறது.

பாட்டி முதலில் என்னைச் சன்னலைப் பார்த்து நிற்க வைத்தார். படத்தில் வயிறே தெரியவில்லை, தட்டையாக இருந்தது. வெளிச்சம் நேரே பட்டால் நிழல் விழாது, நிழல் இல்லாமல் உருண்டை தெரியாதாம். அப்புறம் பக்கவாட்டில் திருப்பி, சன்னல் பக்கத்துக் காலை லேசாக மடிக்கச் சொல்லி, ஒரு கை வயிற்றுக்கு அடியில், ஒரு கை மேலே. அவ்வளவுதான், வயிறு முழுசாக வந்துவிட்டது. உன் சுங்குடிச் சேலைதான் கட்டியிருக்கிறேன். கொசுவம் முன்னால் விழுந்தால் வயிற்றை மறைத்துவிடும், அதனால் பக்கத்தில் ஒதுக்கிச் செருகினேன். விரல் வீங்கியிருப்பதால் மோதிரம் இல்லை, நீ பார்த்ததும் பதறாதே. திடீரென்று முகமும் கையும் வீங்கித் தலைவலியும் வந்தால்தான் உடனே கூப்பிட வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறார். எனக்கு அப்படி இல்லை, ரத்த அழுத்தமும் சரியாகவே இருக்கிறது.

படுத்தபடி ஒன்று எடுக்கலாம் என்றார் பாட்டி. மல்லாந்து படுத்த கொஞ்ச நேரத்தில் எனக்குக் கிறுகிறுவென்று வந்துவிட்டது. இந்த மாதத்தில் கருப்பையின் பாரம் முதுகுப் பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துமாம். இடப்பக்கம் திரும்பிப் படுத்ததும் தெளிந்தது. அந்தப் படமே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது படம் உனக்காக. நீ என்னைச் சுமந்தபோது ராமநாதபுரம் ஸ்டூடியோவில் பூஜடையோடு கண்ணாடி முன்னால் நின்று எடுத்தாயே, அதே மாதிரி. அலமாரிக் கண்ணாடிக்கு முன் நின்றால் கேமராவும் பாட்டியும் கண்ணாடிக்குள் வந்துவிடுகிறார்கள். கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து, அவர் ஓரமாக நின்றபோதுதான் முகமும் ஜடையும் மட்டும் வந்தன. மல்லிகை வைக்கவில்லை. இங்கே கிடைக்கிற பூ அவ்வளவு நன்றாக இருக்காது. பின்னியது யார் தெரியுமா? இவர்தான். வலை பின்னிய கை, நன்றாகவே இறுக்கிப் பின்னினார்.

வயிறு தெரியப் படம் எடுத்து ஊருக்குக் காட்டாதே, கண் பட்டுவிடும் என்று எழுதியிருந்தாய். சரி அம்மா. குழந்தை பிறந்த பிறகுதான் போனில் போடுவேன். அதுவரை உன்னிடம் மட்டும் இருக்கட்டும். சுற்றிப் போட வேண்டுமென்றால் படத்துக்கே சுற்றிப் போடு.

அந்த வரியை எழுதத்தான் நாளானது. 'ஒன்பதாம் மாதம், உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்' என்று எல்லாரும் போடுகிறார்கள். அது யார் வயிற்றுக்கும் பொருந்தும். அப்புறம் முதுகுவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். பிள்ளையைத் திட்டுவதுபோல இருந்தது. தேதி போடலாம் என்றார் இவர், நான் வேண்டாம் என்றேன். குறித்த தேதியிலேயே பிறப்பது இருபதில் ஒன்றுதானாம். தேதியைச் சொல்லிவிட்டால் அது தாண்டிய மறுநாளே நீங்கள் எல்லாரும் 'இன்னும் இல்லையா' என்று போன் அடிப்பீர்கள். ராசாவா ராசாத்தியா என்பதும் எங்களுக்குத் தெரியாது. இங்கே கேட்டால் சொல்வார்கள், நாங்கள் கேட்கவில்லை. கடைசியில் பிள்ளையிடமே பேசிவிட்டேன்:

'தங்கம், சட்டையெல்லாம் துவைத்து மடித்தாயிற்று. தொட்டிலும் கட்டியாயிற்று. ராத்திரி உனக்கு விக்கல் வந்தால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உன் குதிகால் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும், முகம்தான் பாக்கி. இன்னும் உள்ளே என்ன வேலை? வா. அவசரமில்லை, உன் நேரத்துக்கு வா. ஆனால் இன்றைக்கே வந்தாலும் அம்மா தயார்.'

வயிறு இறங்கிவிட்டது அம்மா. மூச்சு விட முன்னைவிட லேசாக இருக்கிறது, நடக்கத்தான் கனக்கிறது. மருத்துவச்சி டேப் வைத்து அளந்து, கை வைத்துப் பார்த்து, தலை கீழே திரும்பியிருக்கிறது என்றார். அவர் கை வைத்த இடத்தில் நீ கை வைத்திருக்க வேண்டும். நீ வரமுடியவில்லை என்று வருத்தப்படாதே என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் எனக்கு நீ வேண்டும் அம்மா. பிள்ளை பெற்றதும் பால்சுறாப் புட்டு யார் கிண்டித் தருவார்கள்? இங்கே துறைமுகம் நிறைய மீன், நம்ம சுறா இல்லை. செய்முறையை மதினியிடம் சொல்லி அளவோடு எழுதி அனுப்பு. பூண்டு எவ்வளவு, மஞ்சள் எப்போது என்பதெல்லாம் வேண்டும்.

அப்புறம் வீட்டு விஷயம். என் நெக்லஸை மீட்க வேண்டாம். வட்டியை மட்டும் தை மாதத்துக்குள் கட்டிவிடச் சொல் அண்ணனிடம், இல்லையென்றால் ஏலத்துக்குப் போய்விடும். இந்தத் தடவை பணம் கொஞ்சம் தாமதமாக வரும், பாங்கியில் ஏதோ வேலை நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், தம்பிக்குக் கடலில் வேலை இருக்காது. அந்த நாளில் அவனுக்குப் பெண் பார்க்கப் போங்கள், ஆனால் உச்சிப்புளிச் சம்பந்தத்துக்கு என்னைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். சமையற்கட்டு ஓட்டை மழைக்கு முன்னால் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாரா அப்பா? இன்ஜினுக்கு முன்பணம் கேட்கிற ஆளிடம் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மற்றதைப் போனில் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாரும் வீட்டில் இருங்கள்.

உன் மகள்