வளைகாப்புச் சமையல்: பந்தியிலிருந்து பின்னோக்கி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சுவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு என்றதும் மனசு நிறைந்துவிட்டது. நூறு பேருக்கு வீட்டிலேயே சமைக்கிறாய், அடுப்பு மூன்றுதான், எதை முதலில் ஏற்றுவது என்று கேட்டிருந்தாய்.

பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி என்றால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு. காத்திருக்கக் கூடியது முன்னால், காத்திருக்காதது கடைசியில். முதல்நாள் இரவே பாலுக்கு உறை ஊற்றிவிடு, காய்களை நறுக்கிவிடு. வாழைக்காயை மட்டும் காலையில் நறுக்கு, கறுத்துவிடும்.

காலை ஆறரைக்குப் பெரிய அடுப்பில் துவரம்பருப்பு மூன்று கிலோ ஏறட்டும். திறந்த பாத்திரத்தில் குழைய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த நேரத்தில் இரண்டாம் அடுப்பில் பாசிப்பருப்பை வேகவைத்து, வெல்லப் பாகை வடிகட்டி ஊற்றிப் பாயசத்தை இறக்கி வை. தேங்காய்ப்பாலை அப்போதே ஊற்றாதே. இலை போடுவதற்கு அரைமணி முன் பாயசத்தைச் சுடவைத்து, அடுப்பை அணைத்தபின் ஊற்று. கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும்.

ஒன்பதரைக்குள் சாம்பார் முடியட்டும். நிற்க நிற்க இறுகும் என்பதால் கொஞ்சம் நீர்க்கவே இறக்கி, பரிமாறும் முன் ஒரு கொதி விடு. அடுத்து ரசம், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும்.

தேங்காய் சேர்ந்த கூட்டும் பொரியலும் பத்தரைக்கு முன் வேண்டவே வேண்டாம். நம்மூர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். அடுப்பில் இல்லாதபோதே ஓரத்தில் குமிழ் வந்தாலோ, கரண்டியில் எடுத்தால் நூல் விட்டாலோ, புளித்த வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு. சூட்டோடு இறுக மூடுவதும் ஆகாது, வேர்த்து நீர் சொட்டும்.

பலரும் தடுமாறுவது சோற்றில்தான். அரிசி வேக அரைமணிதான், ஆனால் அண்டாத் தண்ணீர் கொதிக்கவே அதற்கு மேலாகும். சாம்பார் இறங்கிய பெரிய அடுப்பில் பத்தேகாலுக்கே உலை வைத்துவிடு. பன்னிரண்டு கிலோ அரிசியையும் ஒரே தடவையில் போடாதே; அடி குழைந்து நடு வேகாமல் நிற்கும். பதினொன்றுக்கு ஆறு கிலோ. அதை வடித்ததும் அதே அடுப்பில் இரண்டாம் உலையை வை. முதல் பந்தி மோர் சாதத்துக்கு வரும்போது அடுத்த சோறு தயாராக இருக்கும்.

வடைக்கு உளுந்தை ஒன்பதரைக்கு ஊறவைத்து, பதினொன்றுக்கு அரை. உப்பை வடை தட்டும் நேரத்தில் சேர். முன்பே போட்டால் மாவு நீர்த்து எண்ணெய் குடிக்கும். சிறிய அடுப்பில் முதலில் தெளிந்த எண்ணெயில் அப்பளம் பொரித்து மூடி போட்ட டின்னில் வை. பிறகு அதே எண்ணெயில் வடை. பதினொன்றரைக்கு ஆரம்பித்தால் முதல் பந்திக்குச் சூடாக விழும். இரண்டாம் பந்திக்கு மாவில் பாதியை எடுத்துவைத்து அப்போது தட்டு.

அடுப்படியில் ஒருவர் கடிகாரத்தை மட்டும் பார்க்கட்டும். நீ மணையருகே இருக்க வேண்டியவள், அதனால் அந்த வேலையை உன் நாத்தனாரிடம் கொடு. நான் முதல்நாள் மாலையே வந்துவிடுகிறேன், காய் நறுக்குவது என் பொறுப்பு. அண்டா இரண்டு போதுமா, இன்னொன்று கொண்டுவரட்டுமா என்று எழுது.

அன்புடன்,
சரோஜா