மேற்கு வெயிலைக் கணக்கில் கொள்ளாத பால்கனித் தோட்ட மாதிரிப் படம் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
பால்கனித் தோட்ட வடிவமைப்புப் பிரிவு

பொருள்: மாதிரிப் படத்தைத் திருத்தித் தரவும், கருகிய செடிகளுக்கு மாற்றுச் செடிகள் தரவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனிக்கு நீங்கள் வரைந்து தந்த முப்பரிமாண மாதிரிப் படத்தை நம்பித்தான் தொட்டிகள், செங்குத்து ரேக், செடிகள் எல்லாவற்றையும் உங்களிடமே வாங்கினோம். உங்கள் ஆட்கள் படத்தில் உள்ளபடியே பொருத்திக் கொடுத்தார்கள். அவர்கள் வேலையில் குறை இல்லை. குறை படத்தில் இருக்கிறது. பின்சுவர் ரேக்கில் அடித்தட்டுக்கு மேலே வைத்த பெரணிகளும் பீஸ் லில்லியும் கருகிவிட்டன. கைப்பிடிச் சுவரின் அடியில் வைத்த பட்டு ரோஜா, தண்டு நீண்டு வெளிறிப்போய், பூக்காமல் நிற்கிறது.

பால்கனி மேற்குப் பார்த்தது என்பதை உங்கள் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். அளவுகளையும் கொடுத்திருந்தேன்: ஆழம் 5 அடி, மேல்தளம் வரை உயரம் 9 அடி, இடைவெளியில்லாத கைப்பிடிச் சுவர் 3 அடி. ஆனால் படத்தில் ஒளி ஒரு பக்கவாட்டிலிருந்து காலை வெளிச்சம்போல் மென்மையாகப் பரவுகிறது. மேற்குப் பால்கனியில் அப்படி ஒரு வெளிச்சம் எந்த நேரத்திலும் விழாது. நண்பகலுக்குப் பிறகுதான் வெயில் வரும். பொழுது சாயச் சாய அது உள்ளே நீண்டுகொண்டே போகும்.

நான் கொடுத்த அளவுகளை வைத்தே இதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கலாம். சூரியன் நேர் எதிரே 45 பாகை உயரத்தில் இருக்கும்போது, மேல்தளத்தின் விளிம்பைத் தாண்டி வரும் கதிர் 5 அடி உள்ளே வருவதற்குள் 5 அடி இறங்கிவிடும். அதாவது பின்சுவரில் தரையிலிருந்து 4 அடி உயரம் வரை வெயில் அடிக்கும். அதே நேரத்தில் கைப்பிடிச் சுவரின் நிழல் தரையில் 3 அடி தூரத்தை மூடியிருக்கும். சூரியன் 20 பாகைக்கு இறங்கியதும் பின்சுவரில் ஏறக்குறைய 1 அடிக்கு மேலிருந்து 7 அடி வரை வெயில்தான். 6 அடி ரேக்கில் அடித்தட்டு ஒன்றுதான் தப்பும். தரை முழுக்க நிழலாகிவிடும்.

ஆக, வெயில் அதிகம் படும் இடம் ரேக்; நண்பகலை ஒட்டிய கொஞ்ச நேரம் தவிர, நிழலான இடம் கைப்பிடிச் சுவரின் அடி. நீங்கள் நிழல் விரும்பும் செடிகளை ரேக்கிலும், வெயில் விரும்பும் செடியை நிழலிலும் வைத்துக் காட்டியிருக்கிறீர்கள். இரண்டையும் இடம் மாற்றியிருந்தால் போதும். ரேக்கின் சின்னத் தொட்டிகளில் மண் குறைவு, சீக்கிரம் காயும். தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பட்டு ரோஜா அதைத் தாங்கியிருக்கும்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது, தண்ணீர் போதவில்லை என்று உங்கள் பணியாளர் பதில் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. தண்ணீர் போதாத செடி முழுவதுமாகத் துவளும். உரிய நேரத்தில் ஊற்றினால் நிமிரும். எங்கள் பீஸ் லில்லியிலோ, வெயிலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் முதலில் வெளுத்து, பிறகு பழுப்புத் திட்டுகளாகக் காய்ந்தன. சுவர்ப் பக்கத்து இலைகள் இன்னும் பச்சையாக இருக்கின்றன. விரலை விட்டுப் பார்த்தால் மண்ணில் ஈரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தட்டில் உள்ள பெரணிக்கும் அதே அளவு தண்ணீர்தான் ஊற்றுகிறோம். அது செழிப்பாக இருக்கிறது. படங்களை இணைத்துள்ளேன்.

படத்தில் செடிகள் எல்லாம் முழுதாக வளர்ந்து அடர்ந்திருப்பதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. அவை வளர நாளாகும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். வெயில் எங்கே விழும் என்பது அப்படியல்ல. அதைத் தெரிந்துகொள்ளத்தான் படத்துக்குத் தனியாகக் கட்டணம் செலுத்தினோம்.

எனவே, எங்கள் பால்கனியின் திசையை வைத்துப் பிற்பகல் 2 மணி, 4 மணி, 5 மணிக்கு வெயில் விழும் விதத்தைக் காட்டும் புதிய படங்களைக் கட்டணமின்றித் தர வேண்டும். ஜூனில் சூரியன் வடமேற்கிலும் டிசம்பரில் தென்மேற்கிலும் மறைவதால் பக்கச் சுவர்களின் நிழலும் மாறும். ஆகவே இரண்டு மாதங்களுக்கும் தனித்தனியாக வேண்டும். அந்தப் படங்களின்படி செடிகளை இடம் மாற்றிவைத்து, கருகியவற்றுக்குப் பதிலாக ரேக்கின் வெயிலைத் தாங்கும் செடிகளைத் தர வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதென்றால், படத்துக்கான கட்டணத்தையும் கருகிய செடிகளின் விலையையும் திருப்பித் தாருங்கள்.

இரண்டில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: நீங்கள் தந்த மாதிரிப் படம், படிவத்தின் நகல், செடிகளின் புகைப்படங்கள், ரசீது