சமுதாயக்கூடத்தில் மேசை பூட்ட வரும் நண்பர்களுக்கு

நம் நகர் நலச் சங்கத்தாருக்கும், ஞாயிற்றுக்கிழமை கை கொடுக்க வரும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

பள்ளிக்காக வந்திறங்கிய 60 மேசை, 60 நாற்காலிப் பெட்டிகளை நேற்று கூடத்தில் பார்த்தேன். ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு மேசையைப் பூட்டியும் பார்த்துவிட்டேன். இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். போன வருஷம் வேறோர் ஊரில் இதே மாதிரி 40 மேசைகளை ஒரே நாளில் பூட்டினோம். இரண்டு வாரத்தில் பாதி ஆட ஆரம்பித்தது. பொருளில் குறை இல்லை, நாங்கள் பூட்டிய விதத்தில்தான் குறை.

வேலையைத் தொடங்கும் முன் எண்ணிக்கை முடிய வேண்டும். ஒரு மேசைக்கு 6 மி.மீ. போல்ட் எட்டு, வாஷர் எட்டு, பலகைக்கு 16 மி.மீ. ஸ்க்ரூ ஆறு. இவற்றை எண்ணி மேசைக்கு ஒரு டம்ளராகப் போட்டு வைக்க இரண்டு பேரை உட்காரவையுங்கள். பந்தி டம்ளர்கள் கூடத்திலேயே இருக்கின்றன. மேசை முடியும்போது டம்ளர் காலியாக இருக்க வேண்டும். அடியில் ஒரு வாஷர் கிடந்தால் அந்த மேசையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிவைத்தால் இது தெரியவே தெரியாது.

நாற்காலி முதுகுக்கு வரும் ஸ்க்ரூ 25 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மேசைப் பலகையின் கனமோ 18 மி.மீ.தான். நீளமானதைத் தவறிப் போட்டால் முனை மேலே துளைத்துக்கொண்டு வரும், எழுதுகிற பிள்ளையின் கையைக் கிழிக்கும். அதனால் மேசை வேலை முழுவதும் முடியும்வரை நாற்காலிப் பெட்டி ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டாம்.

அடுத்தது இறுக்குவது. போன வருஷம் நாங்கள் கெடுத்தது இதில்தான். சட்டத்தில் உள்ள துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். முதல் காலை மாட்டியதுமே ஆலன் கீ போட்டு முறுக்கினால் அது கோணலாகவே நின்றுவிடும். நாலாவது காலுக்கு வரும்போது துளை நேருக்கு வராது. அப்போது பலத்தைக் காட்டி முறுக்குவோம், மரை போய்விடும். எட்டு போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் சுற்றுங்கள். பிறகு மேசையை நிமிர்த்தி நாலு காலில் நிறுத்தி, ஒருவர் பலகையை இரு கையாலும் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் எதிரெதிர் மூலையாக இறுக்கட்டும்.

நிறுத்துகிற இடமும் முக்கியம். பந்தி நடக்கும் பகுதியில் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நல்ல மேசையும் ஆடும், கோணல் மேசை ஆடாமல் நின்று ஏமாற்றவும் செய்யும். மேடைக்கு முன்னால் ரசமட்டம் வைத்துப் பார்த்து சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். கடைசி இறுக்கமும் ஆட்டம் பார்ப்பதும் அந்தக் கட்டத்துக்குள் மட்டும். அங்கேயும் ஆடினால் எல்லா போல்ட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். காலுக்கடியில் அட்டை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து சட்டம்வரை மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். இறுக்கியாயிற்று என்பதற்கு அது அடையாளம். பின்னால் போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும், கீயே இல்லாமல் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பலகை ஸ்க்ரூவுக்கு டிரில் மெஷின் கொண்டுவருகிறவர்கள் அதன் வேகத்தை நம்ப வேண்டாம். இது பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளை ஒட்டி அழுத்தியது. அரைச் சுற்று அதிகமானாலே உள்ளே பொடிந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். கடைசிச் சுற்றுகளைக் கை ஸ்க்ரூடிரைவரால் முடியுங்கள். பொடிந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தீக்குச்சியை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, ஒரு நாள் காயவிட்டுப் பூட்டிக்கொள்ளலாம்.

நாற்காலிக்கு இதே முறைதான். கூடுதலாக இரண்டு: குழாய் முனைகளிலும் கால்களிலும் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள், வெட்டிய குழாயின் விளிம்பு பிளேடு மாதிரி. பிறகு பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து பார்க்கட்டும்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. பசை காய வேண்டிய மேசைகளுக்காகத் திங்கட்கிழமையும் கூடம் நம் கையில் இருக்க வேண்டும். மிஞ்சும் போல்ட்டுகளையும் இரண்டு ஆலன் கீயையும் ஒரு டப்பாவில் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மார்க்கர் கோடுகளைப் பார்க்க நான் பள்ளிக்குப் போவேன், கூட ஒருவர் வந்தால் போதும்.

அன்புடன்,
மூன்றாவது தெருவிலிருந்து உங்களில் ஒருவன்