‘மூன்று கிலோ நூறு’ பலகையைப் பற்றி, நம் வாரச்சந்தை வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்துப் பெரியவர்களுக்கும், பக்கத்துக் கடை அண்ணாச்சிமார், அக்காமாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தீர்கள். தக்காளிக் கடைகள் எல்லாம் காலையிலிருந்தே ‘மூன்று கிலோ நூறு’ என்று ஒரே மாதிரிப் பலகை வைக்க வேண்டும், வண்டியில் மைக் கட்டி வருகிறவர்களோடு போட்டி போட வேறு வழியில்லை என்றீர்கள். அன்று நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டைப் பிரித்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

என் கடைக் கணக்கையே சொல்கிறேன். பதினான்கு கிலோப் பெட்டி இரண்டு, பெட்டி 340 ரூபாய் என்று எடுத்தேன். ஏற்றுக்கூலி, வண்டி வாடகை என் பங்கு 40. ஆக 720 ரூபாய்க்கு 28 கிலோ. அதில் நசுங்கியது, அழுகியது, காம்போரம் வெடித்தது என்று இரண்டு கிலோ போனது. மிச்சம் 26 கிலோ. அப்படியானால் விற்கத் தகுந்த ஒரு கிலோவின் அடக்கம் 27 ரூபாய் 70 காசு. பெட்டி விலையை 14-ஆல் வகுத்து, ‘இருபத்து நாலேகால்தானே அடக்கம்’ என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கேயே மூன்றரை ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

26 கிலோவில் எட்டுப் பேருக்கு மூன்று மூன்று கிலோவாகப் போனால் 800 ரூபாய். மீதி இரண்டு கிலோவைச் சில்லறையாகக் கிலோ 35-க்கு விற்றால் 70. மொத்தம் 870, லாபம் 150. சந்தைச் சுங்கம், கவர், டீச்செலவு எல்லாம் இதிலிருந்துதான்.

நூறை மூன்றால் வகுத்தால் முப்பத்து மூன்று ரூபாய் முப்பத்து மூன்று காசு. அந்தக் காசைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவர் ரொம்பக் கவலைப்பட்டார். 25 காசே 2011 ஜூனோடு செல்லாமல் போனது. ஐம்பது காசு சட்டப்படி செல்லும், ஆனால் நம் சந்தையில் அதை நீட்டினால் யாரும் கையில் வாங்குவதில்லை. காசில் நடக்கும் முழுமையாக்கல் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. நம்மைக் கடிப்பது எடையில் நடக்கும் முழுமையாக்கல்.

தட்டில் 2.960 காட்டுகிறது. இன்னும் நாற்பது கிராம்தான் வேண்டும். நாற்பது கிராமுக்குத் தக்காளி ஏது? கைக்கு வந்ததைப் போடுகிறோம், 3.050 ஆகிறது. ‘மூணு கிலோ வாங்குறேன், ஒண்ணு சேத்துப் போடுப்பா’ என்கிறார்கள், இன்னொன்றும் விழுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு வியாபாரத்துக்குச் சராசரி 90 கிராம் என் கையில் நழுவுகிறது. எட்டு வியாபாரத்துக்கு 720 கிராம். சில்லறை விலையில் 25 ரூபாய், அதாவது 150 ரூபாய் லாபத்தில் ஆறில் ஒரு பங்கு. கொசுறு கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்காத கடைக்கு யார் வருவார்கள்? ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம். எலக்ட்ரானிக் தராசில் ரேட் அடிக்கும் வசதி இருக்கிறவர்கள் 33.33 அடித்து வைத்துக்கொள்ளுங்கள். 3.090 கிலோ நிற்கும்போது திரையில் 102.99 என்று தெரியும். அந்த மூன்று ரூபாயைப் பார்த்தபின் கை தானாகச் சின்னத் தக்காளியைத் தேடும்.

அடுத்தது தனிக் கிலோவின் விலை. 33.33-ஐ நாம் 35 ஆக்கினால் மூன்று கிலோ வாங்குகிறவருக்கு மிச்சம் ஐந்தே ரூபாய். அதற்காக யாரும் மூன்று கிலோ தூக்கமாட்டார்கள். அதனால் பலர் தனிக் கிலோவை 40 ஆக்கி, ‘மூணா எடுத்தா இருபது ரூபா மிச்சம்’ என்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அடக்கத்தைக் கழித்துப் பாருங்கள். ஒரு கிலோவை 40-க்கு விற்றால் லாபம் 12 ரூபாய் 30 காசு. மூன்று கிலோவை நூறுக்கு விற்றால் லாபம் 16 ரூபாய் 90 காசு. ஒரு கிலோ கேட்டு வந்தவரை மூன்றுக்குத் திருப்பியதில், கூடுதலாகப் போன இரண்டு கிலோவுக்கு நமக்குக் கிடைத்தது நாலரை ரூபாய்தான். அதில் கொசுறாகப் போன 90 கிராமின் அடக்கம் இரண்டரை ரூபாய். மிச்சம் இரண்டு ரூபாய்!

காலை ஏழு மணிக்கு இது வீண் வேலை. அந்த இரண்டு கிலோவைப் பகலில் வேறு ஒருவர் தனியாக வாங்கியிருப்பார். சாயங்காலம் நாலரைக்கு மேல் கதை வேறு. அப்போது மிஞ்சுகிற தக்காளிக்கு அடக்கமே கிடையாது. விற்காவிட்டால் மாட்டுக்குத்தான் போகும். அந்த இரண்டு கிலோவுக்கு அறுபது ரூபாய் வந்தால் அறுபதும் வரவு. ஒரே பலகை காலையில் லாபத்தைத் தின்கிறது, மாலையில் நஷ்டத்தைக் குறைக்கிறது.

விலை ஏறும் நாளில் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். பெட்டி 340-லிருந்து 400 ஆனால் இரண்டு பெட்டிக்கு 120 ரூபாய் கூடும். லாபம் 150-லிருந்து 30-க்கு இறங்கும், கொசுறு போக ஐந்து ரூபாய். ஆனாலும் பலகையை மாற்ற மனம் வராது. ஏனென்றால் நூறு ரூபாய்க்கு மூன்று என்பதற்கு அடுத்த படி இரண்டரைக் கிலோ. கிலோ 33-லிருந்து ஒரே தாவாக 40-க்கு ஏற வேண்டும். பக்கத்துக் கடையில் ‘மூன்று’ என்று இருக்கும்வரை எவரும் முதலில் ஏறமாட்டார். மண்டியில் விலை ரூபாய் ரூபாயாக நகர்கிறது, நம் பலகை ஏழு ரூபாய்க்கு ஒருமுறைதான் நகர்கிறது. நடுவில் உள்ள தூரத்தை நம் கைக்காசால் நடக்கிறோம். இந்த விஷயத்தில் என் அம்மா கெட்டிக்காரி. கூறு கட்டித்தான் விற்பார். கூறு பத்து ரூபாய் என்பது மாறாது, விலை ஏறினால் கூறிலிருந்து ஒரு தக்காளி குறையும். யாரும் கேட்டதில்லை.

நூறு ரூபாய்த் தாளை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்தவரைக் கவனிக்கலாம், சில்லறை தேட வேண்டாம், கூட்டம் தேங்காது என்று தலைவர் சொன்னது உண்மைதான். ஞாயிறு காலையில் அந்த வேகம் பெரிய விஷயம். ஆனால் இப்போது பாதிப் பேர் போனைக் காட்டித்தான் பணம் போடுகிறார்கள். அவர்களிடம் 37 ரூபாய் கேட்டால் 37 வருகிறது. நாற்பதாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரைக் கிலோ வாங்கும் தனியாள் கிழவியிடம் இருபது வாங்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதே தக்காளி அந்தப் பக்கம் காரில் வந்தவருக்குக் கிலோ முப்பத்து மூன்றுக்குப் போகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரே பலகை என்ற முடிவைத் தக்காளிக்கு மட்டுமாவது விலக்குங்கள். காலையில் அவரவர் அடக்கத்துக்கு ஏற்ற கிலோ விலையைப் பெரிதாக எழுதட்டும். 37, 38 என்று சில்லறையாக வந்தாலும் பரவாயில்லை. ‘மூன்று நூறு’ நாலரை மணிக்கு மேல் வரட்டும், அதுவும் மண்டி விலை இடம் கொடுக்கும் நாளில் மட்டும். வருகிற ஞாயிறு என் கடைப் பலகையில் ‘கிலோ 37’ என்றுதான் இருக்கும். அதற்கு அபராதம் உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அடக்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிழக்கு வரிசைத் தக்காளிக் கடைக்காரன்