6 இடமா, வலமா? சந்திப்பு நிலைய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய சந்திப்பு நிலையங்களின் மேலாளர்களுக்கும், அங்கே வழிகாட்டிப் பலகைகளை எழுதி மாட்டும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ரயில் 6-ஆம் நடைமேடையில் நின்றிருந்தபோது, நானும் அம்மாவும் 7-இல் நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். எண்ணைத் தவறாகக் கேட்கவில்லை, தவறாகப் படிக்கவும் இல்லை. நடைமேம்பாலத்தில் "6, 7" என்று எழுதியிருந்த படிக்கட்டில்தான் இறங்கினோம். பலகையில் இடப்பக்கம் 6, வலப்பக்கம் 7 என்று இருந்ததால், கீழே வந்ததும் இடப்பக்கம் நின்ற ரயிலில் ஏறினோம். பெட்டி எண்கூடச் சரியாக இருந்தது. எங்கள் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் தன் பயணச்சீட்டைக் காட்டி, "இது வேற வண்டிங்க, இறங்குங்க" என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவைக் கைபிடித்து இறக்குவதற்குள், முதுகுக்குப் பின்னால் எங்கள் ரயில் நகர்ந்துவிட்டது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். தயவுசெய்து நீங்களும் வரைந்து பாருங்கள். தண்டவாளங்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. பாலம் கிழக்கு மேற்காகக் குறுக்கே போகிறது. நடைமேடை எண்கள் மேற்கிலிருந்து கிழக்கே கூடிக்கொண்டு போகின்றன என்று வைத்துக்கொள்வோம். 6-உம் 7-உம் ஒரே மேடையின் இரண்டு ஓரங்கள்: மேற்கு ஓரம் 6, கிழக்கு ஓரம் 7. பாலத்திலிருந்து வடக்கு நோக்கி இறங்கும் நேர்ப்படிக்கட்டில் வந்தால் மேற்கு நமக்கு இடக்கைப் பக்கம். அதனால் 6 இடம், 7 வலம், பலகையில் உள்ளபடியே. அதே பாலத்திலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் படிக்கட்டில் வந்தால் மேற்கு வலக்கைப் பக்கம் வந்துவிடும். அப்போது 6 வலம், 7 இடம். ஆனால் இரண்டு படிக்கட்டுகளுக்கும் மேலே "6, 7" என்று ஒரே வரிசையில் எழுதியிருக்கிறது. எழுதியவர் எண் வரிசையைப் பார்த்து எழுதினார். இறங்குகிறவரோ அதைத் திசையாகப் படிக்கிறார். ஆக, இரண்டு படிக்கட்டுகளில் ஒன்று எப்போதும் பொய் சொல்கிறது. நடுவில் ஒரு திருப்பத்தோடு, வந்த திசைக்கே திரும்பி இறங்கும் படிக்கட்டாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னொரு முறை தலைகீழாகும்.

கீழே இறங்கியதும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தோம். படிக்கட்டு முடியும் இடத்தில், கண்ணுக்கு நேரே இருந்த தூணில் விளம்பரம்தான் ஒட்டியிருந்தது. எண் பலகை இருந்தது உண்மை. ஆனால் அது நாற்பது ஐம்பது அடி தள்ளி, படிக்கட்டின் பக்கச்சுவருக்குப் பின்னால், நாங்கள் முதுகு காட்டி நின்ற பக்கத்தில் தொங்கியது. இரண்டு பக்கமும் ரயில் நின்று, அறிவிப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் திரும்பிப் போய்ப் பலகை தேட மாட்டார்கள். இறங்கும் ஒவ்வொருவரும் இடமா வலமா என்று முடிவெடுப்பது கடைசிப் படியில்தான். எண் தெரியவேண்டிய இடமும் அதுதான்.

ஆகவே முதலில் கேட்பது இது. ஒவ்வொரு படிக்கட்டின் மேலே உள்ள பலகையும், அந்தப் படிக்கட்டில் இறங்கி முடித்ததும் கிடைக்கும் இட வல வரிசையிலேயே இருக்கட்டும். எழுதும் முன் யாராவது ஒருவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தால் போதும். கடைசிப் படிக்கு எதிரே உள்ள தூணில் அம்புக்குறியோடு அதே இரண்டு எண்களும் பெரிதாக இருக்கட்டும்.

சுரங்கப்பாதையில் சிக்கல் வேறு மாதிரி. மேம்பாலத்தில் நடக்கும்போது கீழே தண்டவாளமும் ரயிலும் தெரிகின்றன. எத்தனை மேடை கடந்தோம் என்று எண்ணிக்கொள்ளலாம். சுரங்கத்தில் இரண்டு பக்கமும் சுவர். அங்கே எண்ணைப் படிக்கட்டின் வாயிலுக்கு மேல் சுவரோடு சுவராக எழுதிவிடுகிறார்கள். அதற்கு நேரே வந்து நின்று கழுத்தைத் திருப்பினால்தான் படிக்க முடிகிறது. கூட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது அதற்குள் தாண்டிவிடுகிறோம். பலகை நடைவழிக்குக் குறுக்காக நீட்டிக்கொண்டு இருந்தால் இருபது மீட்டர் முன்பே தெரியும். இத்தனைக்கும் மூட்டை முடிச்சோடு வருகிறவர்களுக்குச் சுரங்கம்தான் சௌகரியம். பாலம் மின்கம்பிகளுக்கும் மேலே எழும்பவேண்டும். சுரங்கம் ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். அதனால் சுரங்கத்தில் படிகள் குறைவு. வழி தெரியாது என்ற பயத்தில்தான் பலர் பாலத்தில் ஏறி இளைக்கிறார்கள்.

பாலமா சுரங்கமா என்று பயணி தேர்ந்தெடுக்கும் அந்த இடத்தில் இன்னொரு தகவலும் வேண்டும்: இது எந்தெந்த நடைமேடைகளுக்குப் போகிறது, மேடையின் எந்தப் பகுதியில் கொண்டுபோய் விடுகிறது. எல்லாப் பாலமும் எல்லா மேடையையும் தொடுவதில்லை. மின்தூக்கி இன்னும் குறைவு. சக்கர நாற்காலியில் வருகிறவர் பாதி வழி போய்த் திரும்ப நேர்ந்தால் ரயில் போய்விடும். 20 பெட்டி ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குச் சுமார் 24 மீட்டர் என்றால் மொத்தம் 480 மீட்டர். பாலம் ஒரு கோடியில் இறக்கிவிட்டு, நம் பெட்டி மறுகோடியில் இருந்தால், சுமையோடு நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவருக்கு அதுவே 8 நிமிடம். நடுவில் இறக்கும் சுரங்கத்தில் போயிருந்தால் 4 நிமிடம். ஸ்விட்சர்லாந்து நிலையங்களில் மேடையை ஏ, பி, சி, டி என்று பகுதிகளாகப் பிரித்து எழுத்துப் பலகை தொங்கவிடுகிறார்கள். அந்த எழுத்தைப் படிக்கட்டுப் பலகையிலும் சேர்த்துவிட்டால் பயணி எந்த வழியில் போவது என்று முன்பே முடிவெடுக்கலாம்.

கடைசியாக, நேரம் நெருங்கியபின் நடைமேடை மாற்றுவது. முந்தைய ரயில் தாமதமாகி மேடை காலியாகவில்லை என்றால் மாற்றித்தான் ஆகவேண்டும், புரிகிறது. ஆனால் 6-ஐ 7-ஆக மாற்றினால் பயணி திரும்பி நின்றால் போதும். 6-ஐ 11-ஆக மாற்றினால் ஏறி, நடந்து, இறங்கவேண்டும். பாதை அமைப்பு இடம் கொடுக்கும் போதெல்லாம் அதே மேடையின் மறு ஓரத்தை முதலில் பாருங்கள். முடியாதபோது, முதியவர் ஒருவர் படியேறி இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டு ரயிலை நிறுத்திவையுங்கள். மாற்றம் பாலத்தின் நடுவிலும் சுரங்கத்தின் நடுவிலும் உள்ள திரையில் தெரியட்டும். நுழைவாயில் திரையில் மட்டும் மாற்றினால், ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்களுக்கு எட்டுவதில்லை. அறிவிப்பு ஒலியும் சுரங்கத்துக்குள் எதிரொலித்து, எண் மட்டும் கரைந்துபோகிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், தெற்கு நோக்கி இறங்கும் அந்தப் படிக்கட்டின் அடியில் விளம்பரம் ஒட்டிய தூண் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மேடையிலும் அப்படி ஒன்று இருக்கும். ஒரு வாளிச் சுண்ணாம்பு, ஒரு தூரிகை, இரண்டு எண்கள், இரண்டு அம்புகள். ஒரே நாளில் முடிகிற வேலை.

இப்படிக்கு,
ரயிலைத் தவறவிட்ட ஒரு பயணி