சலூன் விற்றுத் தரும் தரகர்களுக்கு: நாற்காலிவாரிக் கணக்கையும் கொடுங்கள்

சலூன்களைக் கைமாற்றிவிடும் தரகர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் சலூனில் முடி வெட்டியும் கலர் போட்டும் சேர்த்த பணத்தில், உங்களைப் போன்ற ஒரு தரகர் மூலமாக ஒரு சலூனை வாங்கினேன். அன்று என் கையில் கொடுக்கப்பட்டது ஒற்றைத் தாள். வருட விற்பனை, செலவு, லாபம், நாற்காலிகளின் எண்ணிக்கை, கேட்கும் விலை, இவ்வளவுதான் அதில் இருந்தன. அந்தத் தாளில் பொய் எதுவும் கிடையாது. ஆனாலும் நான்கு மாதத்தில் முன்பதிவு நோட்டில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

காரணம் எளிது. முன்பதிவுக்கான அழைப்புகளில் பெரும்பாலானவை பழைய உரிமையாளரின் சொந்தக் கைபேசிக்கு வந்துகொண்டிருந்தன. விற்றபின் அந்த எண் அவரோடு போய்விட்டது. நேரில் வந்தவர்களும் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, "சரி, அப்புறம் வரேன்" என்று திரும்பினார்கள். நான் வாங்கியது அவர் வைத்துவிட்டுப் போன நாற்காலியை மட்டும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு சலூனுக்கும், மொத்தக் கணக்கோடு நாற்காலிவாரிக் கணக்கையும் கொடுங்கள். எந்த நாற்காலி எவ்வளவு ஈட்டுகிறது, அதில் உரிமையாளரின் கை எவ்வளவு, அந்த வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் கடைக்காக வருகிறார்கள், எத்தனை பேர் ஆளுக்காக வருகிறார்கள் என்பது அதில் தெரிய வேண்டும். இது தெரியாமல் சலூனுக்கு விலை சொல்லவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

சமீபத்தில் என் தோழி ஒருத்தி வாங்கிய சலூனை வைத்தே சொல்கிறேன். கணக்குப் பார்க்க அவளோடு நானும் உட்கார்ந்தேன். வருட விற்பனையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 வேலையால் வந்தது, 10 ஷாம்பு, எண்ணெய் போன்ற பொருள்களை விற்று வந்தது. செலவில் ஸ்டைலிஸ்ட்களின் கமிஷன் 24, வாடகை 14, கலர் முதலிய பொருள்கள் 9, விற்பனைப் பொருள்களின் கொள்முதல் 5, மின்சாரம், துணி வெளுப்பு, வரவேற்பாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து 20. மீதி 28. உரிமையாளரின் சொந்தச் செலவு 2 கடைக் கணக்கில் ஏறியிருந்ததால் அதையும் சேர்த்து லாபம் 30 என்று தரகர் எழுதி, அதை இரண்டரையால் பெருக்கி 75 கேட்டார். உரிமையாளரே உழைக்கும் சிறு கடைகளுக்கு இப்படி ஒரு மடங்கு வைத்துப் பேசுவது வழக்கம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

நாற்காலிவாரியாகப் பிரித்ததும் படமே மாறியது. அந்த 90இல் உரிமையாளரின் நாற்காலி மட்டும் 36. மூத்த ஸ்டைலிஸ்ட் 30, மற்ற இருவர் சேர்ந்து 24. உரிமையாளர் தனக்குச் சம்பளம் எடுக்கவில்லை, அதனால் அவருடைய உழைப்பு முழுவதும் லாபமாகத் தெரிந்தது. அவர் இடத்தில் ஒருவரை வைத்தால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே 45 சதவீதக் கமிஷனில் 16 போய்விடும். கடையை நிர்வகிக்க ஆள் வைத்தால் இன்னொரு 6. அப்போது உண்மையான லாபம் 30 அல்ல, 8. வாங்குபவரே அந்த நாற்காலியில் நின்று வேலை செய்து, கடையையும் பார்த்துக்கொண்டால் அந்த 22 அவர் கைக்குத்தான் வரும். ஆனால் அது அவருடைய சம்பளம். போட்ட முதலுக்குக் கிடைக்கும் பலன் என்று அதைக் காட்டக் கூடாது.

இந்த 8கூட எல்லா வாடிக்கையாளர்களும் தங்கினால்தான். உரிமையாளரைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் விலகினால் 18 விற்பனை போகும். கமிஷனில் 8, பொருள் செலவில் 2 மிச்சமாகும் என்றாலும் நிகர இழப்பு 8. லாபம் பூஜ்யம். வாடகையும் வரவேற்பாளர் சம்பளமும் பத்துப் பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் அதேதான். பழைய உரிமையாளருக்குப் பின்னாலேயே மூத்த ஸ்டைலிஸ்டும் கிளம்பிவிட்டால் கையிலிருந்து போட்டுத்தான் கடையை நடத்த வேண்டும். என் கடையில் நடந்தது அதுதான்.

சரி, யார் தங்குவார்கள் என்று வாங்கும் முன் எப்படித் தெரியும்? முழுதாகத் தெரியாது, ஆனால் முன்பதிவு நோட்டு நிறையவே சொல்லிவிடும். முதலில் ஒரு வருடத்துக்கு முந்தைய மூன்று மாதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். வேர்ப்பகுதிக்கு மட்டும் கலர் போடுபவர்கள் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வந்தாக வேண்டும். அதனால் ஒழுங்காக வருகிறவர்கள் மூன்று மாதத்துக்குள் எப்படியும் ஒருமுறையாவது தலைகாட்டியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆறு மாதத்தில் திரும்ப வந்தார்கள், யார் பெயரைச் சொல்லி நேரம் கேட்டார்கள் என்று நாற்காலிவாரியாக எண்ண வேண்டும்.

அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. உரிமையாளர் விடுப்பில் இருந்த வாரங்களைத் தேடிப் பாருங்கள். தோழி பார்த்த சலூனில் அவர் மூன்று வாரம் ஊரில் இல்லை. அந்த நாள்களில் அவரிடம் வந்திருக்க வேண்டியவர்கள் ஏறக்குறைய 110 பேர். அவர்களில் 22 பேர் மட்டும் வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மற்றவர்களின் பெயர்கள் அவர் திரும்பிய வாரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கியடித்து எழுதப்பட்டிருந்தன. நாற்பது நாள் கலர் வெளிறிய தலையோடு அவருக்காகவே காத்திருந்தவர்கள்! ஐந்தில் ஒருவர்தான் கடையின் வாடிக்கையாளர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நோட்டே உண்மைதானா என்பதையும் பார்க்க வேண்டும். மொத்த வியாபாரி கொடுத்த பில்கள் இதற்கு உதவும். வேர்ப்பகுதிக் கலருக்கு, 60 மில்லி ட்யூபில் பொதுவாகப் பாதியாவது, அடர்ந்த முடியென்றால் முழுதும் செலவாகும். மாதம் 150 கலர் என்று எழுதிவிட்டு ட்யூப் 40 மட்டும் வாங்கியிருந்தால் ஏதோ இடிக்கிறது. துண்டு வெளுக்கும் பில்லும் இதே மாதிரி பேசும். "கணக்கில் காட்டாத வரும்படியும் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், தயவுசெய்து அதை விலையில் சேர்க்காதீர்கள். வரிக்குக் காட்டாத பணத்தை வாங்குபவரிடம் மட்டும் காட்டி விலை கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று, முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்ட பேக்கேஜ்களும் பரிசு வவுச்சர்களும். தோழியின் சலூனில் இப்படிப் பாக்கி நின்றது 6 பங்கு. பணத்தைப் பழையவர் வாங்கிச் செலவழித்துவிட்டார், வேலையைச் செய்து கொடுக்க வேண்டியவர் புதியவர். உங்கள் தாள்களில் இது வந்த பணமாக விற்பனையில் இருக்கிறது, கடனாக எங்கும் இல்லை. பாக்கிப் பட்டியலை வாங்கி, அதை முழுதாக விலையில் கழிக்க வேண்டும். செலவை மட்டும் கழித்தால் போதும் என்று சில தரகர்கள் வாதிடுவார்கள். இலவசமாகப் போகும் அந்த மணி நேரத்தில் காசு கொடுக்கும் இன்னொருவரை உட்கார வைக்க முடியாதே.

கருவிகளுக்குப் பழைய பொருள் சந்தையில் என்ன கிடைக்குமோ அதுதான் மதிப்பு. அன்று வாங்கிய விலை பேச்சுக்கே வரக் கூடாது. நாற்காலியை உயர்த்தி, அதில் ஒருவரை உட்கார வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள், தானாக இறங்கினால் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. தலை அலசும் தொட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வெந்நீர் திறந்து பாருங்கள். கடன் பாக்கியிலோ வாடகையிலோ இருக்கும் கருவி எது என்பதும் எழுத்தில் வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் குத்தகையைப் புதியவர் பெயருக்கு மாற்றச் சம்மதித்து எழுதிக் கொடுக்காதவரை ஒரு காசும் கைமாற வேண்டாம். கடையின் தொலைபேசி எண்ணும் முன்பதிவுக் கணக்கும் விற்பனைப் பத்திரத்தில் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். விற்கிறார்கள் என்று பணியாளர்களுக்குத் தெரிந்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள், அதனால் நோட்டைக் காட்ட முடியாது என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் மறைத்து, ஸ்டைலிஸ்டுக்கு ஒரு எழுத்து மட்டும் போட்டு, தேதியும் தொகையும் தெரியும்படி கொடுக்கலாம். வாடிக்கையாளர்களின் தகவலைக் காப்பதற்கும் அதுவே சரி. விலை ஒத்துப்போய், பணம் கைமாறும் முன், மூத்த ஸ்டைலிஸ்டோடு வாங்குபவரை ஒருமுறை உட்காரவிடுங்கள். அவர் போவதாக இருந்தால் அன்றே தெரியட்டும்.

தோழி கடைசியில் எப்படி முடித்தாள் தெரியுமா? அவளே நாற்காலியில் நிற்பவள் என்பதால் 60 வரை தர ஒப்புக்கொண்டாள், ஆனால் 20 மட்டும் அன்று. மீதி 40, பழைய உரிமையாளரின் வாடிக்கையாளர்களில் எத்தனை பங்கு பேர் திரும்புகிறார்களோ அந்த அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக ஒரு வருடத்தில். பேக்கேஜ் பாக்கி 6 முதலிலேயே கழிந்தது. அருகில் கடை போட மாட்டேன் என்று விற்பவர் எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரி ஒப்பந்தம் எல்லா இடத்திலும் சட்டப்படி நிற்காது, ஆனால் பணம் பாக்கி இருந்ததால் எழுத்தைவிட அதுவே அவரைப் பிடித்து வைத்தது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு நாள் கடைக்கு வந்து, தன் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அவள் நாற்காலியில் உட்கார வைத்து, கலர் எந்த விகிதத்தில் கலப்பது, யாருக்குத் தலைத்தோல் எரியும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். விடுப்புச் சோதனையில் ஐந்தில் ஒருவராக இருந்தது பத்தில் ஏழாக ஆனது. 40இல் அவருக்குக் கிடைத்தது 28. எல்லாம் சேர்த்து அவர் கைக்கு 42 போனது. அவள் கடை ஓடுகிறது.

75 கேட்டவருக்கு 42தான் கிடைத்ததே என்று நீங்கள் வருந்தலாம், உங்கள் கமிஷனும் அதில் இருக்கிறது. ஆனால் நான் அன்று கொடுத்த முழு விலையில், நான்கு மாதத்தில் வெறிச்சோடிய கடையில், ஒரு பங்கைக்கூட என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை. என்னை ஏமாற்ற யாரும் நினைக்கவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த சலூனைப் பட்டியலில் ஏற்றும் முன் உரிமையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உங்கள் நாற்காலியின் வருட விற்பனை எவ்வளவு? கடைசியாக நீங்கள் விடுப்பில் போனபோது உங்கள் ஆள்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? முன்பணம் வாங்கிய வேலை எவ்வளவு பாக்கி? பதில்களை அந்த ஒற்றைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்குபவரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு சலூனை வாங்கி இழந்த ஸ்டைலிஸ்ட்