நடுவர் எடுத்துக்கொடுத்த வரி

கோத்தகிரி
ஐப்பசி மழை நாள்

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை. அண்ணன் வழக்கம்போலத் தேயிலை விலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எஸ்டேட் லைனிலிருந்து நூலகத்துக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஒரு பள்ளியில் செய்யுள் ஒப்புவித்தல் போட்டி. அவள் எடுத்துக்கொண்டது குறுந்தொகை நாற்பதாவது பாட்டு, நம் செம்புலப்பெயல்நீரார் பாட்டு. மூன்று வரி சொல்லி நிறுத்தினாள். அந்த நிறுத்தம் வேண்டுமென்றே செய்தது. ஆனால் நடுவர் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, "செம்புலப் பெயல்நீர்" என்று நான்காவது வரியை எடுத்துக்கொடுத்துவிட்டார்! மதிப்பெண்ணும் போயிற்று. பரிசு யாரோ மூச்சு விடாமல் ஒப்பித்த பையனுக்கு. பரிசு போனது எனக்குப் பெரிதில்லை. அந்த நிறுத்தத்தில்தான் பாட்டே இருக்கிறது, அதைக் கேட்க அங்கே ஒருவர்கூட இல்லையே என்பதுதான் ஆறவில்லை.

நீயே பார்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

பழைய பதிப்பில் இப்படித்தான் இருக்கும். நடுவில் இருக்கும் இடைவெளியெல்லாம் சீர் பிரித்த இடைவெளி, சொல் பிரித்தது இல்லை. பிள்ளைகள் கண்ணால் பார்த்த இடைவெளியில் நாக்கை நிறுத்துவார்கள். "தாங்கலந்" என்று நின்று "தனவே" என்று தொடங்கினால் கேட்பவனுக்கு என்ன விளங்கும்? அதனால் முதலில் அவளைச் சொல் பிரித்து நோட்டில் எழுதச் சொன்னேன்: அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே. அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கவே விட்டேன்.

அப்புறம் இதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது. இவன் நம்மைப் பிரிந்து போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொல்வதாகத்தான் பாட்டின் அடிக்குறிப்பு இருக்கிறது. பயந்த ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற குரல் அது. மேடையில் கையை உயர்த்தி முழங்கினால் முதல் சொல்லிலேயே பாட்டு செத்துவிடும். எங்கள் நூலகத்துத் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அவள் கத்தத் தொடங்கினாள். சத்தத்தைக் கூட்டாதே, மெய்யெழுத்துகளை அழுத்திச் சொல் என்றேன். கடைசி பெஞ்சு வரை கேட்டது.

முதல் வரியில் யாய் என் தாய், ஞாய் உன் தாய். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஓர் ஒலி. வேகமாகச் சொன்னால் இரண்டு அம்மாக்கள் இருப்பதே காதில் விழாது. "யாயும்" என்று சொல்லி, ஒரு நூலளவு விட்டு, "ஞாயும்." இரண்டாவது வரியில் இன்னும் பெரிய ஆபத்து. "எம்முறை" என்பது இங்கே எந்த முறை என்ற கேள்வி. அதைத் தட்டையாகச் சொன்னால் 'எங்கள் முறை' என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். எந்த உறவும் இல்லை என்று சொல்ல வந்த வரி, எங்கள் உறவினர் என்று தலைகீழாகிவிடும். ஓலையில் கேள்விக்குறி ஏது? குரல்தான் கேள்விக்குறி. "எம்" மேலே ஏற வேண்டும்.

மூன்றாவது வரியை முந்தைய இரண்டின் ராகத்திலேயே சொல்வதுதான் எல்லோரும் செய்வது. தாய்மார், தந்தையர் என்று வெளியே இருந்தவர்களைச் சொல்லி வந்தவன் இங்கேதான் "யானும் நீயும்" என்று அவள் பக்கம் திரும்புகிறான். வேகம் குறைந்தாக வேண்டும். மூன்று கேள்வி கேட்டாயிற்று, ஒன்றுக்கும் பதில் இல்லை. இங்கேதான் அந்த நிறுத்தம், பாட்டிலேயே நீளமானது. அந்தப் பதில் இல்லாத நேரத்தைக் கேட்பவனும் அனுபவிக்க வேண்டும். நடுவர் புகுந்தது இந்த இடத்தில்தான்!

நான்காவது வரியை எண்ணிப் பார். மற்ற வரிகளில் நான்கு சீர், இதில் மூன்று. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி அப்படித்தான் வரும். ஒரு சீர் குறைந்ததால் "போல" என்ற சொல்லுக்குப் பிறகு காதில் ஓர் இடம் காலியாகிறது. ஆனால் வாக்கியம் முடியவில்லை, "போல" அடுத்த வரியைப் பிடித்து இழுக்கிறது. அதனால் குரலை இறக்கக் கூடாது, மூச்சும் எடுக்கக் கூடாது. இறக்கினால் உவமை அறுந்து விழும், அவசரமாகத் தாண்டினால் யாப்பு கொடுத்த இடம் வீணாகும். குரலை அதே உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு கணம் நின்று, "அன்புடை" என்று தொடர வேண்டும். இந்த ஒன்றுக்கே அவள் பல சாயங்காலங்கள் செலவழித்தாள். ஏன் இவ்வளவு என்று ஒருநாள் சலித்துக்கொண்டாள். வெளியே தோட்டத்து மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் செம்மண்ணோடு கலந்து சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. "இதில் தண்ணீரை மட்டும் தனியாக எடு பார்ப்போம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை "போல" சரியாக வந்தது.

கடைசி வரியில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அழுத்தம். பெரும்பாலும் எல்லோரும் "கலந்தனவே" என்பதில் அழுத்துவார்கள், "வேஏஏ" என்று இழுப்பார்கள். எனக்கு அழுத்தம் "தாம்" மேல். யாரும் சேர்த்துவைக்காமல், உறவு பார்க்காமல், நெஞ்சங்கள் தாமே கலந்தன. மேலே கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் அந்தத் "தாம்"தான். ஏகாரத்தை இழுக்காமல் மெல்ல இறக்கினால் போதும்.

சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. புத்தகம் இல்லாத ஒருவரைக் கேட்க வைத்து, என்ன விளங்கியது என்று கேட்க வேண்டும். நாங்கள் டீக்கடை அண்ணனை உட்காரவைத்தோம். முதல் தடவை, "யாரோ சொந்தக்காரங்களைப் பத்திப் பாட்டு" என்றார். எம்முறை இன்னும் ஏறவில்லை என்று தெரிந்தது. பிறகொரு நாள் கேட்டுவிட்டு, "யாருன்னே தெரியாத ரெண்டு பேரு சேர்ந்துட்டாங்க, அந்தப் பொண்ணு பயப்படுதோ?" என்றார். சேகர், பயத்தைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை!

வரி முடிந்தால் நிறுத்து என்று நம் தமிழய்யா பிரம்போடு சொன்னதை நீ இன்னும் வேதமாக வைத்திருப்பாய், தெரியும். அதற்காகவே உனக்கு ஒரு வேலை. பாரதியின் அக்கினிக் குஞ்சை எடு. "அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் - அதை" என்று வரி முடிகிறது. நிறுத்தம் "கண்டேன்" என்பதற்குப் பிறகு, கோடு போட்ட இடத்தில். "அதை" அடுத்த வரிக்குப் போகிற சொல், அதில் நின்றால் பொந்தில் வைத்தது எதை என்பது தொலைந்துவிடும். "வெந்து தணிந்தது காடு; - தழல்" என்பதும் அப்படியே. காடு அடங்கியபின் ஒரு நிறுத்தம், பிறகு தழலை எடுத்துக்கொண்டு "வீரத்தில்" போக வேண்டும். இரண்டு விதமாகவும் படித்துப் போனில் பதிவு செய்து அனுப்பு. உன் மனைவியைக் கேட்கவைத்து அவர் சொன்னதையும் சேர்த்து அனுப்பு. தைப் பொங்கலுக்கு நூலகத்தில் ஒரு வாசிப்பு வைக்கலாம் என்றிருக்கிறோம். மணி அடிக்க மாட்டோம், யாருக்கும் வரி எடுத்துக்கொடுக்கவும் மாட்டோம். அந்தப் பெண் இதே பாட்டைத்தான் வாசிக்கிறாள். குடும்பத்தோடு வா, ஸ்வெட்டர் மறக்காதே.

அன்புடன்,
முருகேசன்